∛(x²) வளைவு 0-இல் ஏன் முள்ளாகிறது? கூர்முனை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

y = ∛(x²) வளைவுக்கு அடிப்புள்ளி 0-இல்தான் இருக்கிறது. அப்போ அங்கே வகைக்கெழு 0 தானே சார்?

இல்லை. அங்கே வகைக்கெழுவே கிடையாது. அடிப்புள்ளி என்றதும் கை தானாக 0 என்று எழுதிவிடுகிறது. y = x² மாதிரியான கிண்ணங்களையே பார்த்துப் பழகியதால் வரும் பழக்கம் அது. கிண்ணத்தின் அடியில் துளி இடம் தட்டையாக இருக்கும். அங்கே தொடுகோடு படுத்துக்கிடக்கும். நம் வளைவின் அடியில் தட்டையான இடமே இல்லை. இரண்டு பக்கத்துக் கோடுகளும் வரவரச் செங்குத்தாகி இறங்கி, ஆதிப்புள்ளியில் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் கூர்முனை என்று பெயர்.

வளைவு அங்கே அறுந்துபோகிறதா?

அறுவதில்லை. x எந்தப் பக்கமிருந்து 0-ஐ நெருங்கினாலும் y-யும் 0-ஐ நெருங்குகிறது; f(0) = 0. தொடர்ச்சியில் குறை எதுவும் இல்லை. பென்சிலை எடுக்காமலே வரையலாம், ஆனால் 0-க்கு வந்ததும் பென்சிலைச் சட்டென்று வந்த திசையிலேயே மேலே திருப்ப வேண்டும்.

கூர்முனை என்று சொல்லிவிட்டால் மார்க் வருமா? அதை எப்படி நிரூபிப்பது?

வராது. சாய்வை இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். ஆதிப்புள்ளியில் ஒரு முனையையும் வளைவின் மேல் (h, f(h)) என்ற இடத்தில் மறுமுனையையும் வைத்து ஒரு வெட்டுக்கோடு போடுங்கள். அதன் சாய்வு:

(f(h) − f(0)) / h = ∛(h²) / h = 1/∛h

கடைசிச் சமன்பாடு எங்கிருந்து வந்தது என்று சிலர் முழிப்பார்கள். ∛h-ஐ k என்று வைத்துக்கொண்டால் மேலே k², கீழே k³. சுருக்கினால் 1/k. அவ்வளவுதான்.

இனி h-க்கு எண் போடலாம். கனமூலம் சுலபமாக வரும் எண்களாகப் பார்த்து எடுப்பது என் வழக்கம். h = 0.125 என்றால் கனமூலம் 0.5, வளைவின் உயரம் 0.25, சாய்வு 2. h = 0.008 என்றால் கனமூலம் 0.2, உயரம் 0.04, சாய்வு 5. h = 0.001-க்குச் சாய்வு 10. h = 0.000001-க்குச் சாய்வு 100. h குறையக் குறைய இது எந்த எண்ணிலும் போய் நிற்பதில்லை. வலப்பக்கச் சாய்வு +∞ நோக்கி ஏறுகிறது.

இடப்பக்கம் h எதிர்மம். h = −0.125 என்றால் கனமூலம் −0.5, உயரம் அதே 0.25, சாய்வு 0.25 ÷ (−0.125) = −2. அப்படியே −5, −10, −100 என்று −∞ நோக்கி இறங்குகிறது.

விடைத்தாளில் எழுத வேண்டியது இரண்டே வரி: h → 0+ எனில் 1/∛h → +∞, h → 0− எனில் 1/∛h → −∞. முடிவுறு எல்லை இல்லாததால் f'(0) இல்லை என்பது முதலில். இரு பக்கச் சாய்வும் எதிரெதிர்க் குறியோடு முடிவிலிக்குப் போவதால் அது கூர்முனை என்பது அடுத்து. இந்த இரண்டாவது வாக்கியத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முதல் வாக்கியம் மட்டும் இருந்தால் அங்கே வகைக்கெழு இல்லை என்பதுதான் தெரியும், என்ன வடிவம் என்பது தெரியாது.

எனக்கு இரண்டு பக்கமும் +∞ வருகிறது. எங்கே தப்பு?

அநேகமாக இடப்பக்கத்தின் பகுதியில். போன வாரம் ஒரு மாணவி நோட்டைக் காட்டினாள். "h நேர்மம் என்க, இடப்பக்கம் −h" என்று சரியாகத்தான் ஆரம்பித்திருந்தாள். அடுத்த வரியில் (f(−h) − f(0)) / h என்று எழுதிவிட்டாள். 0-இலிருந்து −h-க்கு நடந்தால் x-இல் ஏற்பட்ட மாற்றம் −h. அதனால் வகுக்க வேண்டியதும் −h. அந்த ஒரு கழித்தல் குறி விடுபட்டதும் கூர்முனை காணாமல் போய், ∛x-க்கு உரிய விடை வந்து உட்கார்ந்துகொண்டது.

எளிய சோதனை ஒன்று உண்டு. (−0.008, 0.04) என்ற புள்ளியைத் தாளில் குறியுங்கள். அது ஆதிப்புள்ளிக்கு இடப்பக்கம், மேலே. அங்கிருந்து 0-க்கு வர இறங்கித்தானே ஆக வேண்டும்? இடமிருந்து வலம் போகையில் இறங்கும் கோட்டின் சாய்வு எதிர்மம். கணக்கு +5 என்றால் கணக்கைத்தான் திருத்த வேண்டும்.

கிராஃப் தாளில் வரைந்தேன், |x| மாதிரி வெறும் மூலையாகத்தான் தெரிகிறது. முள் எங்கே?

தாளில் அது பென்சில் கோட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. ஒரு அலகுக்கு 10 செ.மீ. என்று தாராளமாகவே அளவு வைத்துக்கொள்வோம். (0.125, 0.25) என்ற புள்ளி வலப்பக்கம் 12.5 மி.மீ., மேலே 25 மி.மீ. நன்றாகத் தெரியும். (0.008, 0.04) வலப்பக்கம் 0.8 மி.மீ., மேலே 4 மி.மீ.; பக்கவாட்டில் ஒரு சின்னக் கட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. சாய்வு 10 ஆகும் இடமான (0.001, 0.01) அச்சிலிருந்து 0.1 மி.மீ. தள்ளி, 1 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. மைக்ரோ டிப் பென்சிலின் 0.5 மி.மீ. கோடு இதை முழுதாக விழுங்கிவிடும். சாய்வு பத்து மடங்கு ஆக வேண்டுமென்றால் h ஆயிரம் மடங்கு குறைய வேண்டும் என்பதால்தான் இந்தக் கஷ்டம். முடிவிலிக்குப் போகிறது, ஆனால் ஆமை வேகத்தில் போகிறது.

மூலையையும் கூர்முனையையும் பிரித்துப் பார்க்கப் பெரிதாக்கிப் பார்ப்பதே வழி. இரண்டு அச்சையும் ஒரே அளவில் பெரிதாக்க வேண்டும் என்பது முக்கியம். |x|-ஐ எத்தனை தடவை பெரிதாக்கினாலும் அதே 90 பாகை விரிப்புதான். சாய்வு இடப்பக்கம் −1, வலப்பக்கம் 1, மாறவே மாறாது. நம் வளைவில் 0.01 உயரமுள்ள கட்டத்தை எடுத்துப் பாருங்கள். கட்டத்தின் மேல் விளிம்பை வளைவு தொடும் இடம் x = ±0.001. அதாவது உயரத்தில் பத்தில் ஒரு பங்குதான் பக்கவாட்டில் விலகியிருக்கிறது. 0.0001 உயரக் கட்டத்தில் அது நூறில் ஒரு பங்கு. பெரிதாக்கப் பெரிதாக்க இரண்டு கைகளும் நெருங்கி, கடைசியில் ஒரே குத்துக்கோடு போலத் தெரியும். மூலை அப்படியே நிற்கும், கூர்முனை மெலியும்.

f'(x) = 2/(3∛x). இதில் x = 0 போட்டால் பகுதி 0 ஆகிறது. இதுவே போதாதா? எதற்கு எல்லை எல்லாம்?

இந்தச் சார்பில் முடிவு சரியாக வந்துவிடுகிறது, ஆனால் காரணம் சரியில்லை. அடுக்கு விதியிலிருந்து வந்த அந்தச் சூத்திரம் x ≠ 0 என்ற இடங்களுக்கு மட்டும் பேசுகிறது. 0-இல் அது வாயைத் திறக்கவில்லை என்பதை "வகைக்கெழு இல்லை" என்று மொழிபெயர்க்க நமக்கு உரிமை கிடையாது.

g(x) = x^(1/3) · x^(5/3) என்று ஒரு சார்பு. பெருக்கல் விதி போட்டால் முதல் உறுப்பில் x^(−2/3) வந்து நிற்கும்; 0 போட்டால் பகுதி 0. ஆனால் g(x) என்பது வேறொன்றுமில்லை, x²-தான். g'(0) = 0 என்று பிறந்த குழந்தைக்கும் தெரியும். சூத்திரம் உடைந்தது, சார்பு உடையவில்லை. ஆகவே சந்தேகமான புள்ளியில் வரையறைக்கே திரும்பிப் போய் வெட்டுக்கோட்டின் சாய்வைப் பாருங்கள்.

சூத்திரம் வீண் என்று அர்த்தமில்லை. 0-க்குப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்பதை அது நன்றாகச் சொல்கிறது: வலப்பக்கம் நேர்மம், இடப்பக்கம் எதிர்மம், இரண்டும் எல்லையின்றிப் பெருகுகின்றன. சந்தேகம் எழுப்ப அது போதும்.

இரண்டு பக்கமும் செங்குத்து என்றால் x = 0 என்ற கோட்டைச் செங்குத்துத் தொடுகோடு என்று சொல்லலாமா?

புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். வெட்டுக்கோடு போய்ச் சேரும் இடத்தை மட்டும் பார்த்தால் இரண்டு பக்கமும் y அச்சில்தான் போய் ஒட்டுகிறது; அந்தக் கணக்கில் x = 0 தொடுகோடுதான். செங்குத்துத் தொடுகோட்டுக்கு இரு பக்கச் சாய்வும் ஒரே குறியோடு முடிவிலிக்குப் போக வேண்டும் என்று கேட்கும் புத்தகங்களில் அது தொடுகோடு ஆகாது. உங்கள் பாடநூல் எதைச் சொல்கிறதோ அதை எழுதுங்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது ∛x-க்கும் ∛(x²)-க்கும் உள்ள வேறுபாடு. ∛x-இல் வெட்டுக்கோட்டின் சாய்வு ∛h / h = 1/∛(h²). h எந்தக் குறியில் இருந்தாலும் வர்க்கம் அதை நேர்மமாக்கிவிடுகிறது. இரு பக்கமும் +∞. அந்த வளைவு கீழிருந்து ஏறி வந்து, 0-இல் நொடிப்பொழுது நிமிர்ந்து, தொடர்ந்து ஏறிப் போகிறது. நம்முடையது இறங்கி வந்து, அதே கோட்டில் திரும்பி ஏறுகிறது. இரண்டுக்கும் 0-இல் வகைக்கெழு இல்லை. எந்த வகையில் இல்லை என்பதைக் காட்டிக்கொடுப்பது பக்கச் சாய்வுகளின் குறிதான்.

கால்குலேட்டரில் 0-இல் வகைக்கெழு கேட்டால் 0 என்று காட்டுகிறதே. அதுவா பொய் சொல்லும்?

சொல்லும், அதுவும் கூசாமல் சொல்லும். எண்முறையில் வகைக்கெழு கண்டுபிடிக்கும் பல கருவிகள் புள்ளியின் இரு பக்கமும் சம தூரத்தில் மதிப்பெடுத்து, (f(h) − f(−h)) / (2h) என்று கணக்கிடுகின்றன. TI-84-இன் `nDeriv` இப்படித்தான் வேலை செய்கிறது. வழவழப்பான வளைவுகளில் இந்த வழி ஒருபக்கக் கணக்கைவிடத் துல்லியமானது, அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஆனால் நம் வளைவு y அச்சுக்குச் சமச்சீரானது; f(h)-ம் f(−h)-ம் எப்போதும் ஒன்றே. தொகுதி 0, விடை 0. h-ஐ எவ்வளவு குறைத்தாலும் 0. +100-ம் −100-ம் சேர்ந்து ஒன்றையொன்று அடித்துவிட்டன, கருவிக்கு அது தெரியாது.

நீங்களே பார்த்துக்கொள்ளலாம்:

```python
f = lambda x: (x**2) ** (1/3)
h = 1e-6
print((f(h) - f(0)) / h)         # சுமார் 100
print((f(-h) - f(0)) / (-h))     # சுமார் -100
print((f(h) - f(-h)) / (2*h))    # 0.0
```

மூன்றாவது வரி மட்டும் பார்ப்பவருக்குக் கூர்முனை கண்ணிலேயே படாது. முதல் இரண்டு வரியையும் h = 1e-9 வைத்து மறுபடி ஓட்டினால் 1000-ம் −1000-ம் வரும். எண் நிலைக்காமல் வளர்ந்துகொண்டே போனால் முடிவிலி. 1, −1 மாதிரி நிலைத்துவிட்டால் மூலை.

பைத்தானில் வரைந்தால் வலப்பக்கம் மட்டும்தான் வருகிறது. இடப்பக்கம் எங்கே போனது?

`x**(2/3)` என்று எழுதியிருப்பீர்கள். கணினிக்கு 2/3 என்பது பின்னம் இல்லை, 0.666… என்ற தசம எண். அதன் பகுதி ஒற்றைப்படை எண் என்ற விஷயம் அங்கேயே தொலைந்துவிடுகிறது. எதிர்ம எண்ணுக்கு அப்படியொரு அடுக்கு போட்டால் மெய்யெண்ணில் விடை சொல்ல அதற்கு வழியில்லை. `(-8)**(2/3)` என்று கேட்டால் 4-க்குப் பதில் சுமார் −2 + 3.46j என்ற கலப்பெண் வரும். `numpy` என்றால் `nan`. பாதி வளைவு மறைந்துவிடும்.

மருந்து எளிது. முதலில் வர்க்கம், பிறகு கனமூலம்: `(x**2)**(1/3)`. உள்ளே இருப்பது எதிர்மமாக வாய்ப்பே இல்லை. `np.cbrt(x)**2` என்றும் போடலாம். பாதி வளைவை மட்டும் பார்த்துவிட்டு "இடப்பக்கச் சாய்வே கிடையாது, வளைவு 0-இல் ஆரம்பிக்கிறது" என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். வரைந்த உடனே f(−1) = 1 என்ற புள்ளி படத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

இரண்டாம் வகைக்கெழு இரு பக்கமும் எதிர்மம். அப்போ 0 பெருமம்தானே ஆக வேண்டும்?

நல்ல கேள்வி. f''(x) = −(2/9) x^(−4/3); 0 தவிர எல்லா இடத்திலும் எதிர்மம். வளைவு இரு பக்கமும் கீழ்நோக்கிக் குழிந்திருக்கிறது என்பது உண்மை. கவிழ்த்து வைத்த இரண்டு வில்கள் ஒரே இடத்தில் காலூன்றி நிற்பது போல நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வில்லும் கவிழ்ந்திருக்கிறது, ஆனால் கால் ஊன்றிய இடம் இருப்பதிலேயே தாழ்வான இடம்.

இரண்டாம் வகைக்கெழுச் சோதனை f'(c) = 0 ஆக இருக்கும் புள்ளிக்கு மட்டுமே செல்லும். 0-இல் f'-ம் இல்லை, f''-ம் இல்லை. சோதனைக்கு அங்கே வேலையில்லை. முதல் வகைக்கெழுவின் குறியைப் பாருங்கள்: இடப்பக்கம் எதிர்மம், வலப்பக்கம் நேர்மம். இறங்கி ஏறினால் சிறுமம். இன்னும் சுருக்கமாக வேண்டுமென்றால், x² எப்போதும் 0-க்குக் குறையாது, அதன் கனமூலமும் குறையாது.

இதே காரணத்தால் ரோல் தேற்றமும் [−1, 1]-இல் கைகொடுக்காது. f(−1) = f(1) = 1, தொடர்ச்சியும் உண்டு, ஆனால் 2/(3∛x) எங்குமே 0 ஆவதில்லை. தேற்றம் பொய்யாகிவிடவில்லை, திறந்த இடைவெளி முழுவதும் வகையிடத்தக்கதாக இருக்க வேண்டும் என்று அது கேட்டதை நம் சார்பு ஒரே ஒரு புள்ளியில் தரவில்லை.

x = t³, y = t² என்று எழுதினால் இரண்டும் வழவழப்பான சார்புகள். பிறகு கூர்முனை எங்கிருந்து வந்தது?

வேகத்திலிருந்து. t-ஐ நேரம் என்றும் (t³, t²)-ஐ ஊர்ந்து போகும் எறும்பு என்றும் கொள்ளுங்கள். கிடைத்திசை வேகம் 3t², செங்குத்து வேகம் 2t. t = 0-இல் இரண்டும் 0; எறும்பு அந்தக் கணம் நின்றேவிடுகிறது. நின்றவருக்கு எந்தத் திசையிலும் திரும்பிக் கிளம்ப முடியும், வேகம் தாவவே தேவையில்லை. சாய்வு 2t / 3t² = 2/(3t). t எதிர்மமாக இருந்தபோது எதிர்மம், நேர்மமானதும் நேர்மம். அதே பக்கச் சாய்வுகள்தான் வேறு உடையில் வருகின்றன.

இந்த வளைவுக்கு அரைக்கனப் பரவளையம் என்று பெயர். இதன் நீளத்தை வில்லியம் நீல் என்ற ஆங்கிலேயர் 1657-இல் கணக்கிட்டார்; இயற்கணித வளைவு ஒன்றின் நீளம் துல்லியமாகக் கிடைத்தது அதுதான் முதல்முறை. சாய்வு முடிவிலிக்குப் போனாலும் நீளம் முடிவிலி ஆவதில்லை. x-ஐ y-இன் சார்பாக, x = y^(3/2) என்று திருப்பி எழுதினால் தொல்லை போய்விடும். (0, 0)-இலிருந்து (1, 1) வரை நீளம் √(1 + 9y/4)-இன் தொகையீடு; விடை (8/27)(13√13/8 − 1), சுமார் 1.44. நேர்க்கோட்டில் போனால் 1.414. அவ்வளவு சின்ன வளைசல்தான்.

வேறு அடுக்குகளிலும் கூர்முனை வருமா?

x^(4/5)-இல் வரும், வெட்டுக்கோட்டின் சாய்வு h^(−1/5), குறி இரு பக்கமும் எதிரெதிர். √|x|-இலும் வரும். x^(4/3)-இல் வராது: சாய்வு h^(1/3), அது 0-க்குப் போகிறது, ஆகவே வகைக்கெழு 0, அடியும் தட்டை. (x − 3)^(2/3) + 1 என்று தேர்வில் கொடுத்தால் பயப்பட வேண்டாம். அதே முள் (3, 1)-க்கு இடம் மாறியிருக்கிறது; h-ஐ 3-இலிருந்து அளந்தால் மறுபடி 1/∛h-தான்.